அம்மா படுத்திருக்கும்போது அவருடைய சமையலை நாம் செய்தால், படத்துக்குக் கேப்ஷன் எப்படி எழுதுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. அவங்க வைக்கிற குழம்பை முதல் தடவையாக நான் வைத்தேன். போட்டோ எடுத்துவிட்டேன், கேப்ஷன்தான் வரவே மாட்டேன் என்கிறது. எங்கே தொடங்குவது?

சமைக்கும்போது அம்மா உங்களிடம் என்ன சொன்னார் என்பதிலிருந்து தொடங்குங்கள். அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள். "தண்ணியை இப்பவே ஊத்தாதே", "மூடி போடாதே", "கையாலே பிசை, மிக்சி வேண்டாம்" என்று ஏதாவது ஒன்று சொல்லியிருப்பார். போனில் சொன்னதாக இருக்கலாம், கட்டிலில் படுத்தபடி சொன்னதாக இருக்கலாம், பல வருடம் முன்பு சொல்லி இப்போது கடாய் முன் நிற்கும்போது ஞாபகம் வந்ததாகவும் இருக்கலாம்.

எல்லாரும் முதலில் எழுத முயல்வது உணர்ச்சியைத்தான். அங்கேதான் கை நின்றுபோகிறது. அம்மாவின் மீதுள்ள பாசம், பயம், நன்றி எல்லாம் சேர்ந்து பெரிதாக நிற்கும்போது, அதை நேரடியாகச் சொல்லப் போனால் ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதிய வரிகள்தான் வந்து விழும். அம்மாவின் ஒரு கட்டளையை எழுதினால் அது உங்கள் வீட்டில் மட்டும் ஒலித்த வரியாக இருக்கும். படிப்பவருக்கு அம்மாவின் குரலே கேட்கும். பாசத்தைத் தனியாகச் சொல்ல வேண்டிய தேவையும் பெரும்பாலும் இருக்காது.

சமைத்த அன்றே அந்த வாக்கியங்களைப் போனில் குறித்து வைத்துவிடுங்கள். கேப்ஷனை அடுத்த நாளோ அடுத்த வாரமோ எழுதலாம். ஆனால் அவர் சொன்ன சொல் வரிசை இரண்டு நாளில் மாறிவிடும். "கொஞ்சம் வதங்கட்டும்" என்றாரா, "நல்லா வதங்கட்டும்" என்றாரா என்பதே மறந்துவிடும்.

அம்மாவின் நோயைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்?

அம்மா எவ்வளவு சொல்லச் சொல்கிறாரோ அவ்வளவு. அது அவருடைய உடம்பு, அவருடைய செய்தி. நீங்கள் சமைத்தது மட்டும்தான் உங்கள் செய்தி.

அவரிடம் "போஸ்ட் போடட்டுமா?" என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலான அம்மாக்கள் "போடேன்" என்றுதான் சொல்வார்கள். எதற்குச் சம்மதிக்கிறோம் என்பது அவர்களுக்கு அப்போது தெரியாது. எழுதி முடித்த கேப்ஷனை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். படத்தையும் காட்டுங்கள். இதை யார் யார் பார்ப்பார்கள் என்பதையும் சொல்லுங்கள்: உறவுக்காரர்கள், அவருடைய பழைய அலுவலகத் தோழிகள், அக்கம்பக்கத்தார். "அவளும் பார்ப்பாளா? அப்போ வேண்டாம்" என்று ஒரு பெயர் வந்து விழும் பாருங்கள், அந்த ஒரு பெயருக்காகவாவது இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

நோயின் பெயர், எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எந்த மருத்துவமனை, எந்த மருந்து என்பதெல்லாம் குழம்பைப் பற்றிய கேப்ஷனுக்குத் தேவையே இல்லை. "கொஞ்ச நாளாக அம்மாவால் அடுப்பு முன் நிற்க முடியவில்லை" என்ற ஒரே வாக்கியம் போதும். ஏன் நீங்கள் சமைக்கிறீர்கள் என்பதை அது சொல்லிவிடுகிறது. அதற்கு மேல் எதையும் சொல்லிவிடவில்லை. பெயரைச் சொல்லிவிட்டால் அன்று மாலையே அம்மாவின் போன் அடிக்கத் தொடங்கும். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து விளக்க வேண்டிய வேலை நோயாளியின் தலையில்தான் விழும்.

இன்னும் ஒன்று. நெருங்கிய சொந்தங்களில் யாருக்காவது அம்மாவின் நிலை இன்னும் தெரியாது என்றால், கேப்ஷன் அவர்களுக்கு முதல் செய்தியாகப் போகக் கூடாது. முதலில் போனில் சொல்லிவிட்டு அப்புறம் போடுங்கள்.

"சீக்கிரம் குணமாகிவிடுவார்" என்ற வரியையும் யோசித்துத்தான் எழுத வேண்டும். நாள்பட்ட நோயாக இருந்தால், நம்பிக்கையாக எழுதிய அந்த வரி பின்னால் ஒவ்வொருவரும் கேட்கிற கேள்வியாகத் திரும்பும். மருத்துவர் அப்படிச் சொல்லியிருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் இன்றைக்கு எப்படி இருக்கிறார் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

என் தோழி இப்படித்தான் அவள் அம்மாவைப் பற்றி எழுதினாள். கீழே ஆளாளுக்கு ஆழ்ந்த இரங்கல் போட்டுவிட்டார்கள். அம்மா உயிரோடுதான் இருக்கிறார்! எனக்கு அப்படி ஆகாமல் எப்படி எழுதுவது?

இது அடிக்கடி நடக்கிறது. அம்மாவே அந்தக் கருத்துகளைப் படித்துவிட்டால் எவ்வளவு வலிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதற்குக் காரணம் பெரும்பாலும் வினைச்சொல்லின் காலம்தான்.

"அம்மா எங்களுக்காக இந்தக் குழம்பை ஞாயிறுதோறும் வைத்துவந்தார்" என்று எழுதினால், வைப்பது நின்றுபோனது என்று மட்டும் படிப்பவர் எடுத்துக்கொள்ள மாட்டார், வைத்தவரே இல்லை என்று எடுத்துக்கொள்வார். உணவுப் படத்தின் கீழே இறந்தகாலத்தில் அம்மாவைப் பற்றி எழுதினால் அது அஞ்சலி என்று வாசிக்கவே நம் கண் பழகிவிட்டது. "அம்மா இல்லாத சமையலறை", "அம்மாவின் நினைவாக", "அம்மா விட்டுச் சென்ற பக்குவம்", "மிஸ் யூ அம்மா" போன்றவை இன்னும் மோசம். அம்மா மருத்துவமனையில் இருக்கிறார், வீட்டில் இல்லை என்ற பொருளில்தான் எழுதியிருப்பீர்கள். படிப்பவருக்கு அது தெரியாது.

சரிசெய்வது எளிது. முதல் இரண்டு வரிக்குள் அம்மாவை நிகழ்காலத்தில் ஒரு வேலை செய்ய விடுங்கள். "பக்கத்து அறையிலிருந்து அம்மா சொல்கிறார்", "அம்மா போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்", "அம்மா இப்போது நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறார்." இறந்தகாலம் வேண்டுமென்றால் சமைத்த நாளின் செயல்களுக்கு மட்டும் வையுங்கள்: "இன்று சமைத்தேன்", "ருசி பார்த்தார்". பழக்கத்தைச் சொல்ல "வைப்பார்", "அரைப்பார்" என்ற வடிவம் பாதுகாப்பானது. அது நின்றுபோன பழக்கம் என்று காட்டாது.

படமும் இதில் சேர்ந்துகொள்ளும். அம்மாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் குழம்புப் படத்தோடு சேர்த்துப் போட்டால், எழுத்து எவ்வளவு சரியாக இருந்தாலும் பாதிப் பேர் படத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடுவார்கள். கைகூப்பும் இமோஜியும் அப்படித்தான்.

போடுவதற்கு முன், வீட்டு விஷயம் தெரியாத ஒருவருக்கு வரைவை அனுப்பி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கம்மா இப்போ எங்கே இருக்காங்கன்னு நினைக்கிறே?" அவர் பதில் சொல்லத் தயங்கினால் முதல் வரியை மாற்றுங்கள்.

என் வரைவு இது. என்ன குறை என்று சொல்லுங்கள்: "அம்மாவின் கைமணத்துக்கு ஈடு இணை இல்லை. எங்களுக்காகவே வாழ்ந்த தெய்வம். இப்போது அவர் நோய்வாய்ப்பட்டிருக்க, முதன்முறையாக அவருடைய குழம்பை நான் சமைத்தேன். கண்ணீரோடு கிளறினேன். சுவை அப்படியே அம்மாவுடையது! சீக்கிரம் எழுந்து வா அம்மா."

முதலில் மேலே சொன்ன சிக்கல்: "வாழ்ந்த தெய்வம்." இந்த இரண்டு சொல்லுக்கே இரங்கல் வந்துவிடும். அதைத் தவிர, இதில் உங்கள் அம்மாவைக் காணோம். பெயரை மாற்றி யார் வேண்டுமானாலும் எந்த உணவுப் படத்தின் கீழும் இதைப் போடலாம்.

இந்த வரைவை அனுப்பியவரிடம் நான் சில கேள்விகள் கேட்டேன். சமைக்கும்போது அம்மா எங்கே இருந்தார்? பக்கத்து அறையில் படுத்திருந்தார், கதவு திறந்திருந்தது. ஏதாவது சொன்னாரா? இரண்டு தடவை குரல் கொடுத்தார். வெங்காயம் வதங்கிவிட்டது என்று நினைத்துத் தக்காளியைப் போடப் போனபோது, "சத்தம் மாறவே இல்லையே, அதுக்குள்ள போடாதே" என்றார். அப்புறம் சிறிது நேரம் கழித்து, "இப்போ போடு" என்றார். சாப்பிட்டுவிட்டு என்ன சொன்னார்? "புளிப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு."

இவ்வளவு இருக்கிறது, இதில் ஒன்றுகூட வரைவில் வரவில்லை!

அந்தச் சத்தம் உண்மையானது. வெங்காயத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். எண்ணெயில் போட்டதும் அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகும்போதுதான் சடசட என்ற சத்தம். தண்ணீர் இருக்கும்வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது, அதனால் சிவக்காது. தண்ணீர் பெரும்பாலும் போன பிறகு சத்தம் அடங்கி மெல்லிய பொரியும் ஒலியாகும். அப்போதுதான் சூடு ஏறி நிறமும் மணமும் வரும். வருடக்கணக்காக அடுப்பு முன் நின்றவருக்கு இதை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, காது போதும். அந்த அம்மாவின் திறமை முழுவதும் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது. "கைமணத்துக்கு ஈடு இணை இல்லை" என்று எழுதினால் அது தெரியாமலே போகும்.

"கண்ணீரோடு கிளறினேன்" என்பதை எடுத்துவிடச் சொன்னேன். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை எழுதியதும் படிப்பவரின் கவனம் அம்மாவை விட்டு எழுதியவரிடம் போய்விடுகிறது. "சுவை அப்படியே அம்மாவுடையது" என்பதும் நிற்காது, புளிப்பு தூக்கல் என்று அம்மாவே சொல்லிவிட்டாரே. கடைசி வரி எனக்கு அதிகம் உறுத்தியது. எழுந்து வர முடியாமல் இருப்பவரிடம், எல்லாரும் பார்க்க, எழுந்து வா என்று சொன்னால் அன்பாகச் சொன்னதும் அவர் மேல் ஒரு சுமையாக ஏறும்.

கடைசியில் அவர் போட்டது இது:

"'வெங்காயத்தோட சத்தம் மாறவே இல்லையே, அதுக்குள்ள தக்காளியைப் போடாதே.' பக்கத்து அறையிலிருந்து அம்மா.

கொஞ்ச நாளாக அம்மாவால் அடுப்பு முன் நிற்க முடியவில்லை. அதனால் அவருடைய குழம்பை இந்த வாரம் நான் வைத்தேன். கடாயைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்குத் தெரியாதது படுத்திருந்த அவருக்குத் தெரிந்தது. சடசடப்பு அடங்கியதும், 'இப்போ போடு' என்றார்.

ஒரு கரண்டி சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, புளிப்பு தூக்கல் என்றார். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வைக்கிறேன், ஒரு தக்காளி குறைத்து."

அம்மா உயிரோடு இருக்கிறார், சமையலறையை ஆள்கிறார், அடுத்த ஞாயிறும் ருசி பார்க்கப்போகிறார் என்பது தானாகவே தெரிகிறது. நோய்க்கு ஒரே வாக்கியம். பேச்சு வரிகள் பேச்சுத் தமிழில், மற்றவை எழுத்துத் தமிழில் இருப்பதையும் கவனியுங்கள். அம்மா சொன்னதை "தக்காளியை இப்போது சேர்க்காதே" என்று திருத்தி எழுதினால் குரல் போய்விடும்.

எவ்வளவு நீளம் எழுதலாம்?

மேலே உள்ள அளவு போதும். இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்துக்குறிகள் வரை இடம் உண்டு. ஆனால் முதல் 125 குறிகள் போல மட்டும்தான் வெளியே தெரியும், மீதி மடங்கிவிடும். தமிழில் இந்தக் கணக்கு சீக்கிரம் தீர்ந்துவிடும், ஏனென்றால் புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனிக் குறிகள். "அம்மா" நமக்கு 3 எழுத்து, கணினி சேமிப்பது 5 குறிகள். ஆகவே முதல் வரி ஒரே மூச்சில் படிக்கிற அளவில் இருக்கட்டும். அம்மா இருக்கிறார் என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிட வேண்டும். மடங்கிய பகுதியைத் திறக்காமலே கருத்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

எல்லாரும் செய்முறை கேட்பார்கள். ஆனால் அம்மா எதற்குமே அளவு சொல்வதில்லை, எல்லாம் "ஒரு கை", "கொஞ்சம்"தான். கேப்ஷனில் என்ன போடுவது?

கேப்ஷனில் முழுச் செய்முறையைப் போடாதீர்கள். கதையும் செய்முறையும் ஒரே இடத்தில் இருந்தால் படிப்பவர் பொருள் பட்டியலைத் தேடிக் கதையைத் தாண்டிப் போய்விடுவார். செய்முறையைத் தனியாகக் கருத்துப் பகுதியிலோ இரண்டாவது படமாகவோ வைக்கலாம். அதற்கும் முதலில் அம்மாவிடம் கேளுங்கள். சிலர் தங்கள் பக்குவத்தை எல்லாருக்கும் கொடுப்பார்கள், சிலருக்கு அது வீட்டோடு இருக்க வேண்டும்.

அளவைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அம்மா நிற்க முடியாவிட்டாலும் கையை அசைக்க முடிந்தால் போதும். ஒரு சின்ன சமையலறைத் தராசை வாங்கிக்கொள்ளுங்கள். உப்பு டப்பாவை மூடியில்லாமல் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். டப்பாவை அம்மாவிடம் கொண்டுபோய், எப்போதும் போல எடுத்து ஒரு கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். டப்பாவை மறுபடியும் எடை போடுங்கள். குறைந்த எடைதான் அவருடைய "கொஞ்சம்". உதாரணமாக 412 கிராம் இருந்தது 403 ஆனால் அவர் எடுத்தது 9 கிராம். தூள்களுக்கும் எண்ணெய்க்கும் இதே முறைதான். "எத்தனை ஸ்பூன்?" என்று கேட்டால் அவருக்கு யோசிக்க வேண்டியிருக்கும், சொல்கிற எண்ணும் தவறிப்போகும். கை யோசிக்காமலே சரியாக எடுக்கும்.

ஒரு எச்சரிக்கை: சாதாரண சமையலறைத் தராசு ஒரு கிராம் கணக்கில்தான் காட்டும். இரண்டு மூன்று கிராம் அளவுள்ள பொருளுக்கு அதை நம்ப முடியாது. அப்படிப்பட்ட பொருளை அவர் கிண்ணத்தில் போட்டதும் அளவுக் கரண்டியால் அளந்துகொள்ளுங்கள். அவர் எத்தனை பேருக்குக் கணக்குப் பண்ணி எடுத்தார் என்பதையும் கேட்டு எழுதிவையுங்கள். அந்தக் கை பல வருடமாக முழு வீட்டுக்கும் எடுத்துப் பழகிய கை, இன்று இரண்டு பேருக்குத்தான் சமையல் என்பதை அது மறந்துவிடும்.

கேப்ஷனுக்கும் இதிலிருந்தே ஒரு வரி கிடைக்கும்: "அம்மாவின் 'ஒரு கை' 38 கிராம் என்று இன்று தெரிந்தது." உங்கள் வீட்டு எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

குழம்பு அம்மா வைக்கிற மாதிரி வரவில்லை. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு "உப்பே இல்லை" என்று தள்ளிவிட்டார். இதை எழுதலாமா, வேண்டாமா?

எழுதலாம். "அப்படியே அம்மா கைச் சுவை" என்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் எழுதுவதற்கு முன் வீட்டில் வேறு ஒருவரையும் ருசி பார்க்கச் சொல்லுங்கள்.

உடம்பு முடியாதவர்களின் நாக்கு பல சமயம் பழைய நாக்காக இருக்காது. புற்றுநோய்க்கான கீமோதெரபி எடுப்பவர்களுக்குச் சாப்பாடு உலோகம் போலவோ சப்பென்றோ தோன்றலாம். வேறு சில மருந்துகளும் சுவையை மாற்றும். மூக்கடைப்போ மணம் அறியும் திறன் குறைவோ இருந்தால் குழம்பின் பாதிச் சுவை போய்விடும், ஏனென்றால் சுவை என்று நாம் நினைப்பதில் பெரும் பங்கு மணம்தான். ஆகவே வேறு இரண்டு பேர் உப்புச் சரி என்றால், பிழை கடாயில் இல்லை. அம்மாவுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் சொல்லியிருந்தால் விஷயம் இன்னும் தெளிவு: அவர் பக்குவத்தின்படி நீங்கள் வைக்கவே கூடாது. அவர் சொன்னார் என்பதற்காக அவருடைய கிண்ணத்தில் உப்பைக் கூட்டிவிடாதீர்கள். சாப்பாடே இறங்கவில்லை என்றால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கேப்ஷனில் இதை எப்படிச் சொல்வது? "அம்மாவுக்கு ருசியே தெரியவில்லை" என்று எழுதினால் நோயை வெளியே சொல்வதாகிவிடும். "உப்பில்லை என்றார் அம்மா. உப்பைக் குறைத்ததே அவருக்காகத்தான், அது அவருக்கும் தெரியும். ஆனாலும் சொல்வார்" என்று எழுதலாம், அவர் சம்மதித்தால். அதில் அவருடைய பிடிவாதமும் தெரிகிறது, உங்கள் அக்கறையும் தெரிகிறது.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு சரியாக வரவில்லை. அவரிடம் எப்படிச் சம்மதம் கேட்பது?

பேச்சு வராதது வேறு, புரியாதது வேறு. பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்குச் சொல்ல வராமல் போனாலும், நாம் சொல்வதில் கணிசமான பகுதி புரியும். ஆனால் எவ்வளவு புரிகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். பேச்சுப் பயிற்சியாளர் பார்க்கிறார் என்றால் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எதிரே உட்காருங்கள். படத்தைக் காட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, ஆம் அல்லது இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வி: "இந்தப் படம் எல்லாரும் பார்க்கலாமா?" தலையசைப்பதற்கு நேரம் கொடுங்கள், நீங்களே வாக்கியத்தை முடித்துவிடாதீர்கள். சிலருக்கு ஆம் என்று நினைத்து இல்லை என்று தலை அசைந்துவிடும். அதனால் கொஞ்சம் கழித்து மாற்றிக் கேளுங்கள்: "இது நம்ம வீட்டுக்குள்ளேயே இருக்கட்டுமா?" இரண்டு பதிலும் ஒத்துப்போனால் அது அவருடைய பதில்.

நினைவு குறைந்துவரும் நோய் என்றால் இன்று சொன்ன சம்மதம் நாளை அவருக்கு ஞாபகம் இருக்காது. அப்போது நான் ஒரு அளவுகோல்தான் வைத்துக்கொள்வேன்: உடம்பு நன்றாக இருந்த காலத்தில் அவர் தன் விஷயத்தை யார் யாரிடம் சொல்வார்? அந்த வட்டத்துக்கு மேல் போக வேண்டாம். இன்ஸ்டாகிராமில் நெருங்கியவர்கள் பட்டியலுக்கு மட்டும் காட்டலாம், ஃபேஸ்புக்கில் யார் பார்க்கலாம் என்று தேர்ந்தெடுக்கலாம், குடும்ப வாட்ஸ்அப் குழுவோடும் நிறுத்தலாம்.

படத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பின்னணியை. குழம்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டை, மருத்துவச் சீட்டு, நோயாளி எண் போட்ட கோப்பு, அம்மாவின் மணிக்கட்டில் மருத்துவமனைப் பட்டை. கேப்ஷனில் நீங்கள் மறைத்ததையெல்லாம் இவை சொல்லிவிடும். படத்தைப் பெரிதாக்கி நான்கு மூலையையும் பாருங்கள். அம்மாவே படத்தில் இருக்க வேண்டும் என்றால், அவர் தலைவாரி, தனக்குப் பிடித்த உடையில் இருக்கும்போது எடுங்கள். அவர் கை மட்டும் தெரிகிற படமும் நன்றாக இருக்கும்.

அம்மாவை தினமும் பார்த்துக்கொள்வது என் அக்கா. நான் விடுமுறைக்கு வந்து ஒரு நாள் சமைத்தேன். நான் போஸ்ட் போட்டால் அவள் மனசு கஷ்டப்படுமோ?

படலாம். கீழே "எவ்வளவு நல்ல பிள்ளை" என்று வரிசையாகக் கருத்துகள் வரும். அதை உங்கள் அக்கா அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டே படிப்பார்.

அவர் செய்வதைக் கேப்ஷனுக்குள்ளேயே சொல்லுங்கள், கடைசியில் நன்றி என்று ஒட்டாதீர்கள். "அக்கா தினமும் அம்மாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறாள். இந்த ஒரு நாள் அடுப்பை என்னிடம் விட்டாள்" என்று எழுதினால் யார் என்ன செய்கிறார்கள் என்பது சரியான அளவில் தெரியும். போடுவதற்கு முன் அவரிடமும் படித்துக் காட்டுங்கள். நீங்கள் எழுதியதில் எது தவறு என்று அவருக்குத்தான் சட்டென்று தெரியும்.

பின்னால் அம்மாவின் நிலை மோசமானால் இந்தப் பதிவை என்ன செய்வது?

எழுதியபடி விட்டுவிடுங்கள். நிகழ்காலத்தில் எழுதியதை இறந்தகாலமாக மாற்றத் தோன்றும். வேண்டாம், அது அந்த நாளின் பதிவு. கண்ணில் பட்டால் தாங்க முடியவில்லை என்றால் இன்ஸ்டாகிராமில் அழிக்காமல் காப்பகத்துக்கு மாற்றி வைக்கலாம், வேண்டும்போது திரும்பக் கொண்டுவரலாம். ஃபேஸ்புக்கில் திருத்தினால், பதிவைப் பார்க்கிறவர்கள் பழைய வடிவத்தையும் பார்க்க முடியும் என்பதை நினைவில் வையுங்கள்.

போட்டுவிட்டேன். இப்போது கருத்துகளில் ஆளாளுக்கு வைத்தியம் சொல்கிறார்கள். என்ன பதில் போடுவது?

அந்தந்தக் கருத்துக்குத் தனித்தனியாகப் பதில் போட்டு வாதாட வேண்டாம். ஒன்றுக்குப் பதில் சொன்னால், "அப்போ இதை முயன்று பாருங்கள்" என்று அடுத்தது வரும். எல்லாருக்கும் பொதுவாக நீங்களே ஒரு கருத்து எழுதிவிடுங்கள்: "அம்மாவை மருத்துவர் பார்த்துக்கொள்கிறார். சிகிச்சை பற்றி இங்கே பேசவில்லை. உங்கள் வீட்டில் இந்தக் குழம்பை எப்படி வைப்பீர்கள் என்று சொல்லுங்கள், அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன்." இந்தக் கடைசி வாக்கியம்தான் வேலை செய்யும். ஏதாவது உதவ வேண்டும் என்ற தவிப்பில்தான் அவர்கள் வைத்தியம் சொல்கிறார்கள், அதைச் சமையல் பக்கம் திருப்பிவிட்டால் சந்தோஷமாகத் திரும்புவார்கள்.

குறிப்பிட்ட மருந்தை நிறுத்தச் சொல்வது, ஏதோ பொடியை விற்க வருவது இவற்றை மட்டும் யோசிக்காமல் நீக்குங்கள். அம்மாவும் அந்தக் கருத்துகளைப் படிப்பார். அவருக்குப் படித்துக் காட்டும்போது சமையல் பதில்களை முதலில் படியுங்கள். "அவ வெங்காயத்தை அரைச்சா போடுறா? அப்படிப் போட்டா குழம்பு கசக்கும்னு எழுது" என்று பதில் சொல்லச் சொல்வார், எழுதிப் போடுங்கள்.